டிக்கெட்டை வேற டீமுக்கு மாத்தினா திரும்பத் திரும்ப நம்மகிட்டயே வருது: காரணத்தை எப்படி எழுதுறது?

மணலி_மூணாம்ஷிப்ட் · ஜூன் 10, இரவு 10:40

மணலியில ஒரு கன்டெய்னர் யார்டுக்கு அப்ளிகேஷன் சப்போர்ட் பாக்குறோம். கேட்-2ல கேட் பாஸ் பிரிண்ட் ஆகல. ஆப் சர்வர் டேட்டா சென்டர்ல இருக்கு, பிரிண்டர் கேட் கேபின்ல. எங்க லாக்ல பிரிண்டருக்குப் போற கனெக்ஷன் டைம்-அவுட் ஆகுது. நெட்வொர்க் டீமுக்கு அசைன் பண்ணினா "எங்க பக்கம் பிரச்சினை இல்லை"ன்னு திரும்பி வருது. டெஸ்க்டாப் டீமுக்குப் போட்டா "டெஸ்ட் பேஜ் நல்லா வருது"ன்னு அவங்களும் தள்ளிடுறாங்க. எல்லா வண்டியும் கேட்-1 வழியாவே போறதால டிரெய்லர் வரிசை பொன்னேரி நெடுஞ்சாலை வரைக்கும் நிக்குது.

டிக்கெட்ல போட்ட குறிப்பு இதுதான். ஆங்கிலத்துல எழுதினது, இங்க தமிழ்ல போடுறேன்:

> கேட்-2 பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஆப் சரியாக உள்ளது. நெட்வொர்க் பிரச்சினை போலத் தெரிகிறது. பார்த்து ஆவன செய்யவும்.

இதுல என்ன குறை? வேற எப்படி எழுதினா எடுத்துக்குவாங்க?

---

பெரம்பூர்_லோகோ · ஜூன் 10, இரவு 10:58

மேனேஜரை சிசி போடு, பிரையாரிட்டியை ஏத்து. வண்டி நிக்குதுன்னா பி1தான். பி1ஐ எவனும் சும்மா திருப்ப மாட்டான்.

இன்னொண்ணு, பிரிண்டருக்கு பிங் போகுதா? போனா நெட்வொர்க் ஓகே. அவங்க சொல்றது சரி, டெஸ்க்டாப்பை விடாதே.

---

ராயபுரம்_புதுசு · ஜூன் 10, இரவு 11:15

எனக்கும் இதே பிரச்சினைங்க. ஹெல்ப்டெஸ்க்ல இருந்து கிளவுட் டீமுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டா, ஹெச்.ஆர். காரணம் சரியில்லைன்னு ஃபார்மைத் திருப்பிட்டாங்க. காரணம்னு என்ன எழுதினா ஏத்துக்குவாங்க?

---

மாதவரம்_க்யூ · ஜூன் 11, காலை 6:50

ராயபுரம் தம்பி, இங்கே பேசுவது டிக்கெட்டை மாற்றுவது பற்றி, ஆளை மாற்றுவது பற்றி அல்ல. தனி இழை தொடங்குங்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மணலி, க்யூவில் உட்கார்ந்து டிக்கெட் பிரிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் குறிப்பில் நான்கு வாக்கியம் இருக்கிறது, அதில் ஒன்றுகூடப் பெறுபவர் கையில் எடுக்கக்கூடியதாக இல்லை. "வேலை செய்யவில்லை" என்பது கேட்காரர் சொன்ன புகார், அது ஏற்கெனவே மேலே இருக்கிறது. "ஆப் சரியாக உள்ளது" என்பது உங்கள் முடிவு. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று இல்லை. "போலத் தெரிகிறது" என்பது ஊகம். ஊகத்துக்குப் பதில் இன்னொரு ஊகமாகத்தான் வரும்: "எங்கள் பக்கம் இல்லை போலத் தெரிகிறது."

பெறும் டீமில் அதைத் திறப்பவர் பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான் கொடுப்பார். அதற்குள் அவருக்கு மூன்று பதில் கிடைக்க வேண்டும். ஏன் நான், என்னிடம் என்ன கேட்கிறாய், இது என்னுடையது இல்லையென்றால் எதைக் காட்டி நான் திருப்பலாம். மூன்றாவதை யாருமே எழுதுவதில்லை. அது இல்லாததால்தான் ஒரு வரியில் திருப்பிவிட முடிகிறது.

---

வண்ணை_நெட் · ஜூன் 11, காலை 7:30

மேடம் சொன்னதோட, ஃபயர்வால் பக்கத்துல இருந்து பாக்குறவனா சேர்த்துச் சொல்றேன்.

பெரம்பூர், பிங் போகுதுங்கிறது வழி இருக்குன்னு மட்டும்தான் காட்டும். போற பாதை, திரும்பி வர்ற பாதை ரெண்டும் சரி, பிரிண்டர்ல கேட்வே சரியாப் போட்டிருக்கு. அவ்வளவுதான். பிரிண்ட் போறது டிசிபி 9100ல. பிங் போறது ஐசிஎம்பி. ஃபயர்வால்ல ரெண்டுக்கும் வேற வேற ரூல் இருக்கும். பிங்குக்கு மொத்த சப்நெட்டையும் திறந்து வச்சுட்டு, 9100ஐ முகவரி முகவரியா மட்டும் திறக்கிறது சர்வ சாதாரணம்.

மணலி, ஆப் சர்வர்லயே லாகின் பண்ணி இதை ஓட்டு. உன் லேப்டாப்ல ஓட்டாதே. லேப்டாப் வேற சப்நெட், அதுக்கு வேற ரூல். லேப்டாப்ல எடுத்த ரிசல்ட்டை ஒட்டினா, அதையே காரணமாச் சொல்லித் திருப்புவாங்க, திருப்புறதும் நியாயம்.

```
Test-NetConnection <பிரிண்டர் ஐபி> -Port 9100
```

`SourceAddress`, `PingSucceeded`, `TcpTestSucceeded` இந்த மூணு வரியும், ஓட்டின நேரமும் இங்க போடு. எவ்வளவு நேரம் இழுத்துச்சுன்னும் பாரு. அதே கட்டளையை கேட் கேபின் பிசியிலயும் ஓட்டு. அது பிரிண்டர் இருக்கிற சப்நெட்லயே இருக்கும், ஃபயர்வாலைத் தாண்டாது. அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் எல்லை எங்கன்னு தெரியும்.

---

எண்ணூர்_மெயின்டனன்ஸ் · ஜூன் 11, காலை 8:05

நமக்கு ஐடி தெரியாது, பிளான்ட் மெயின்டனன்ஸ். ஆனா இதே கதைதான்பா இங்கயும். பம்ப் மோட்டார் ஓவர்லோடுல டிரிப் ஆவும். மெக்கானிக்கல்காரன் நோட்டிஃபிகேஷனை எலெக்ட்ரிக்கலுக்கு மாத்துவான், "மோட்டார் டிரிப்". எலெக்ட்ரிக்கல்காரன் மெகர் பாத்துட்டு "இன்சுலேஷன் ஓகே, பம்ப் டைட்டு"ன்னு திருப்புவான். நாள் பூரா அதான் நடக்கும்.

அது நிக்கிறது எப்பன்னா, கப்ளிங்கைக் கழட்டி மோட்டாரைத் தனியா ஓட்டி கரன்ட் எடுத்து எழுதினா. தனியா ஓடும்போது கரன்ட் ஃபுல் லோடைவிட நல்லாக் கம்மியா, மூணு ஃபேஸும் சமமா இருந்துச்சுன்னா கோளாறு லோடு பக்கம், அதாவது பம்ப்பு, பேரிங், அலைன்மென்ட். தனியா ஓடும்போதே ஒரு ஃபேஸ் ஏறி நின்னா கோளாறு மோட்டார்ல, இல்லன்னா சப்ளையில. எந்த ஆர்.பி.எம்., எந்த ஆம்பியர், எந்நேரம்னு மூணு எண்ணு எழுதிட்டா எவனும் திருப்பமாட்டான். கப்ளிங்கைக் கழட்டாம அனுப்பாத, அவ்ளோதான்.

---

வண்ணை_நெட் · ஜூன் 11, காலை 8:20

எண்ணூர் அண்ணே, நீங்க கப்ளிங்கைக் கழட்டுறதும் நான் கேபின் பிசியில ஓட்டச் சொன்னதும் ஒரே வேலை. ரெண்டு டீமுக்கும் நடுவுல இருக்கிற இடத்துல அறுத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனியா அளக்கிறது.

---

மணலி_மூணாம்ஷிப்ட் · ஜூன் 11, பிற்பகல் 2:45

ஓட்டிட்டேண்ணா. ஆப் சர்வர்ல 14:20க்கு:

```
RemoteAddress    : 10.20.42.117
RemotePort       : 9100
SourceAddress    : 10.20.8.15
PingSucceeded    : True
TcpTestSucceeded : False
```

இருபது வினாடிக்கிட்ட இழுத்துட்டுத்தான் False வந்துச்சு. ஆப் லாக்ல சாக்கெட் எரர் 10060. கேட் கேபின் பிசியில அதே கட்டளை, 14:31க்கு, உடனே `TcpTestSucceeded : True`.

இதை அப்படியே ஒட்டி நெட்வொர்க்குக்கு மறுபடி மாத்தினேன். கால் மணி நேரம்கூட ஆகல, "14:20க்கு ஃபயர்வால் லாகில் எந்த டினையும் இல்லை"ன்னு திரும்பிடுச்சு. இப்ப என்ன பண்றது?

---

பெரம்பூர்_லோகோ · ஜூன் 11, பிற்பகல் 2:52

டினை இல்லன்னா ஃபயர்வால் இல்ல. பிரிண்டரோட நெட்வொர்க் கார்டு.

---

வண்ணை_நெட் · ஜூன் 11, பிற்பகல் 3:30

நெட்வொர்க் கார்டு போயிருந்தா கேபின் பிசியில True வந்திருக்காது, பெரம்பூர்.

முதல்ல அந்த இருபது வினாடி. ரொம்ப உதவுற விஷயம் அது. 10061னு வந்து சட்டுன்னு முடிஞ்சா, எதிர்ப்பக்கம் பாக்கெட் போய்ச் சேர்ந்து, "இங்க யாரும் இல்ல"ன்னு பதில் வந்திருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் அது சாதனத்தோட சேதி. 10060னு வந்து நீளமா இழுத்தா, பதிலே வரல. விண்டோஸ் திரும்பத் திரும்பத் தட்டிப் பாத்துட்டு ஓஞ்சுபோற நேரம்தான் அந்த இருபது. நடுவுல எவனோ பாக்கெட்டைச் சத்தமில்லாம முழுங்குறான். இதுவும் முழுச் சாட்சி இல்ல. சில ஃபயர்வால் மறுக்கும்போது பதில் அனுப்பவும் செய்யும், அப்ப 10061 மாதிரியே தெரியும். பிரிண்டர்லயும் எந்த சப்நெட்ல இருந்து ஏத்துக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கலாம், அது முழுங்கினாலும் 10060தான். அதனால பிரிண்டரோட வெப் பேஜ்ல அந்த அணுகல் பட்டியல் காலியா இருக்கான்னு பாத்து, அதையும் குறிப்புல எழுது. எழுதலன்னா நெட்வொர்க்காரன் அடுத்து அதைத்தான் கேப்பான்.

இப்ப "டினை இல்லை". ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, நீ 14:20ன்னு மட்டும் எழுதியிருக்கே. நிறைய ஃபயர்வால் லாக் யுடிசில ஓடும். இந்திய நேரம் 14:20ன்னா யுடிசில 08:50. அவன் லாக்ல 14:20ன்னு தேடியிருந்தா, அந்த நேரம் அப்ப இன்னும் வரவே இல்ல. காலியாத்தான் இருக்கும். எப்பவுமே "14:20 ஐஎஸ்டி / 08:50 யுடிசி"ன்னு ரெண்டையும் எழுது.

ரெண்டு, சில ஃபயர்வால்ல எந்த ரூல்லயும் மாட்டாம கடைசியில விழுற பாக்கெட் லாகே ஆகாது, யாராவது அதுக்குன்னு லாகிங் ஆன் பண்ணியிருந்தா ஒழிய. அதனால "டினை லாக் இருக்கா"ன்னு கேக்காதே. "10.20.8.15ல இருந்து 10.20.42.117க்கு டிசிபி 9100ஐ அனுமதிக்கிற ரூல் எது, அதோட பேரைச் சொல்லுங்க"ன்னு கேளு. முதல் கேள்விக்கு ஒரு வரியில இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ரெண்டாவதுக்கு ரூல் பட்டியலைத் திறந்து பாத்தாத்தான் பதில் சொல்ல முடியும்.

இன்னொரு கேள்வி உனக்கு. 117ங்கிற முகவரி எனக்கு இடிக்குது. கேட்-1 பிரிண்டரோட ஐபி என்ன? இந்தக் கேட்-2 பிரிண்டர் எப்பவாச்சும் பிரிண்ட் பண்ணியிருக்கா?

---

மணலி_மூணாம்ஷிப்ட் · ஜூன் 11, மாலை 4:40

கேட்-1 பிரிண்டர் 10.20.42.20. கேட்-2ல பழைய பிரிண்டர் ரிப்பேர்னு போன வாரம் டெஸ்க்டாப் டீம் புதுசு வச்சாங்க. பழசு 10.20.42.30. புதுசு தானா 117 எடுத்துக்கிச்சு, அதை எங்ககிட்ட சொன்னாங்க, ஆப்ல மாத்தினோம். அப்புறம் அதுல ஒரு பாஸ்கூட அடிக்கல.

பிரிண்டர் வெப் பேஜ் பாத்துட்டேன், அணுகல் பட்டியல் காலி.

---

மாதவரம்_க்யூ · ஜூன் 11, மாலை 5:15

புதுப் பிரிண்டர் வைத்தது இந்தத் தகவல்களிலேயே முக்கியமானது, டிக்கெட்டில் அது எங்கேயும் இல்லை. "எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது" என்ற ஒரு வரி குறிப்பில் கட்டாயம் வேண்டும்.

அந்த வரி வந்ததும் டிக்கெட்டின் வகையே மாறுகிறது. ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் அது இன்சிடென்ட். புதிய முகவரிக்கு ஒருநாளும் வழி திறந்ததே இல்லை என்றால், நெட்வொர்க் டீமின் கண்ணில் அது புதிய ஃபயர்வால் ரூல் கேட்பது. அதற்கு ரிக்வெஸ்ட் படிவம், செக்யூரிட்டி ஒப்புதல், சேஞ்ச் விண்டோ எல்லாம் உண்டு. இன்சிடென்ட்டாக எத்தனை முறை அனுப்பினாலும் அவர்கள் அதில் ரூல் போட மாட்டார்கள், போடவும் கூடாது. காரணம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தவறான வகையில் போன டிக்கெட் திரும்பத்தான் செய்யும்.

தலைப்பையும் பாருங்கள். `Short description` இன்னும் "கேட்-2 பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்றே இருந்தால், நடுவில் க்யூ பிரிப்பவர் குறிப்பைத் திறக்காமல் பிரிண்டர் என்ற சொல்லை மட்டும் பார்த்து டெஸ்க்டாப்புக்கு அனுப்பிவிடுவார். டீமை மாற்றும்போது தலைப்பையும் மாற்றுங்கள். புகார்தாரர் சொன்ன பழைய தலைப்பைக் குறிப்பில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம்.

---

வண்ணை_நெட் · ஜூன் 11, இரவு 9:10

மேடம் சொன்ன ரிக்வெஸ்ட் வழி சரிதான். ஆனா எனக்கு அதுக்கு முன்னாடி ஒரு யோசனை. 117 தானா எடுத்த முகவரி, டிஹெச்சிபி பூல்ல இருந்து வந்தது. அதுக்கு ஃபயர்வால்ல ரூல் போட்டாலும், ஒருநாள் லீஸ் மாறி வேற முகவரி வந்துச்சுன்னா இதே டிக்கெட் மறுபடி பிறக்கும். பழைய 30க்கு ரூல் இன்னும் உயிரோடதான் இருக்கும். 30 எப்படி நிலையா இருந்துச்சு? பழைய பிரிண்டரோட மேக் முகவரிக்கு ரிசர்வேஷன் போட்டிருப்பாங்க. புதுப் பிரிண்டரோட மேக் வேற, அதனாலதான் பூலுக்குப் போயிடுச்சு.

அப்ப பண்ண வேண்டியது, அந்த ரிசர்வேஷன்ல மேக்கை மட்டும் மாத்தி புதுசுக்கு 30ஐக் கொடுக்கிறது. ஃபயர்வாலைத் தொடவே வேணாம். உங்க கம்பெனியில டிஹெச்சிபி யார் கையில?

நெட்வொர்க்ல யாரையாவது போன்ல பிடிச்சு ஒரே கேள்வி கேளு: 8.15ல இருந்து 9100க்கு எந்தெந்த முகவரிக்கு அனுமதி இருக்கு? டிக்கெட்டை மாத்தாம கேளு. பதில் வந்ததும் யார்கிட்ட கேட்டே, என்ன சொன்னாங்கன்னு குறிப்புல போடு.

---

மணலி_மூணாம்ஷிப்ட் · ஜூன் 12, பகல் 11:20

கேட்டேண்ணா. ரூல்ல இருக்கிறது ரெண்டே முகவரி, 10.20.42.20, 10.20.42.30. பிங்குக்கு மட்டும் மொத்த சப்நெட்டும் திறந்திருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. டிஹெச்சிபி சர்வர் டீம் கையில.

அதாவது இது நெட்வொர்க்கும் இல்ல, டெஸ்க்டாப்பும் இல்ல, மூணாவதா ஒரு டீம். அவங்களுக்கு என்ன எழுதட்டும்? "நாங்க பிரிண்டர் பாக்குறதில்ல"ன்னு முதல் வரியிலயே திருப்புவாங்க.

---

மாதவரம்_க்யூ · ஜூன் 12, பிற்பகல் 12:40

திருப்புவார்கள், பிரிண்டர் என்று தொடங்கினால். தலைப்பை "10.20.42.30 டிஹெச்சிபி ரிசர்வேஷன்: மேக் முகவரி மாற்றம்" என்று வையுங்கள். குறிப்பு இப்படி. ஆங்கிலத்தில் போடும்போதும் இதே வரிசை இருக்கட்டும்.

> ஏன் சர்வர் டீம்: 10.20.42.30க்கான டிஹெச்சிபி ரிசர்வேஷன், கழற்றப்பட்ட பழைய பிரிண்டரின் மேக் முகவரியில் இருக்கிறது. அதை மாற்றும் உரிமை உங்களிடம் மட்டுமே உள்ளது.
>
> கேட்பது: அந்த ரிசர்வேஷனை கேட்-2 புதிய பிரிண்டரின் மேக்குக்கு மாற்றவும். பிரிண்டர் தானே அச்சிட்ட நெட்வொர்க் பக்கத்திலிருந்து எடுத்த மேக் முகவரி கீழே எழுத்தாக உள்ளது. பிரிண்டரை அணைத்துப் போடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.
>
> என்ன மாறியது: போன வாரம் பிரிண்டர் மாற்றப்பட்டது. புதியது பூலிலிருந்து 10.20.42.117 எடுத்தது. அதன் பிறகு கேட்-2ல் பாஸ் வரவில்லை. கேட்-1 (10.20.42.20) சரியாக ஓடுகிறது.
>
> சோதனை: ஆப் சர்வர் 10.20.8.15லிருந்து 117:9100, ஜூன் 11, 14:20 ஐஎஸ்டி / 08:50 யுடிசி, பதில் இல்லை, எரர் 10060. கேட் கேபின் பிசியிலிருந்து அதே போர்ட், 14:31 ஐஎஸ்டி / 09:01 யுடிசி, திறந்திருக்கிறது. பிரிண்டரில் அணுகல் பட்டியல் காலி. ஃபயர்வால் 20, 30 இரண்டுக்கு மட்டுமே அனுமதி தருகிறது, நெட்வொர்க் டீம் இன்று போனில் உறுதி செய்தது.
>
> எப்போது திருப்பலாம்: ரிசர்வேஷன் மாற்றிய பிறகும் பிரிண்டர் 30ஐ எடுக்கவில்லை என்றால் டெஸ்க்டாப் டீம். 30ஐ எடுத்தும் பாஸ் வரவில்லை என்றால் எங்கள் டீம். 30க்கு ரிசர்வேஷனே இல்லை என்றால் அதை எழுதி எங்களுக்கு அனுப்பவும்.

கடைசிப் பத்தியைக் கவனியுங்கள். திருப்புவதற்கு வழி வைத்திருக்கிறோம், ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கண்டுபிடிப்பு தேவை. அதைச் செய்யாமல் வெறுமனே "எங்களுடையது இல்லை" என்றால், டிக்கெட்டைப் படிக்கும் யாருக்கும் அது பதிலாகத் தெரியாது.

இதை `Work notes` பகுதியில் போடுங்கள். `Additional comments` கேட்காரருக்கு மெயிலாகப் போய்விடும். உள் முகவரிகள் அவருக்குத் தேவையில்லை. அவருக்குத் தனியாக இரண்டு வரி: பிரிண்டர் முகவரி மாற்ற வேண்டியிருக்கிறது, சர்வர் டீமிடம் கொடுத்திருக்கிறோம், அதுவரை கேட்-1.

---

பெரம்பூர்_லோகோ · ஜூன் 12, பிற்பகல் 1:05

நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா ராத்திரி ஷிப்ட்ல இவ்ளோ எழுத யாருக்கு நேரம்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினாப் போதாதா?

---

வண்ணை_நெட் · ஜூன் 12, பிற்பகல் 1:30

ஸ்கிரீன்ஷாட் வேணாம் பெரம்பூர். ஐபியைப் படத்துல இருந்து காப்பி பண்ண முடியாது, கையால அடிக்கும்போது 117 171 ஆகும். ஆறு மாசம் கழிச்சு டிக்கெட் சிஸ்டத்துல 10.20.42.30ன்னு தேடினாலும் படம் வராது. மேக் முகவரி இன்னும் மோசம், 8க்கும் Bக்கும் வித்தியாசம் மங்கலாத் தெரியும். எழுத்தா ஒட்டு. படம் கூட வேணும்னா சேர்த்துக்கோ.

நேரம் இல்லன்னா சோதனைப் பத்தியைச் சுருக்கலாம். "ஏன்", "கேட்பது", "எப்போது திருப்பலாம்" மூணையும் விடாதே.

மணலி, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாரு. 30க்கு இப்ப பிங் அடி. பதில் வந்துச்சுன்னா பழைய பிரிண்டரை எவனாவது வேற இடத்துல சொருகி வச்சிருக்கான், மேக்கை மாத்தினாலும் முகவரி மோதும். ஆப் பக்கம் 117ஐ 30ஆ மாத்துற வேலை உங்களோடது, அதையும் குறிப்புல ஒரு வரி போடு. இல்லன்னா அவங்க மாத்தி முடிச்ச பிறகும் பாஸ் வராது, பழி அவங்க மேல விழும். அடுத்த தடவை நீ அனுப்புறதை நம்ப மாட்டாங்க.

---

எண்ணூர்_மெயின்டனன்ஸ் · ஜூன் 12, பிற்பகல் 2:10

அந்த "எப்ப திருப்பலாம்" வரி சூப்பரு மேடம். நாளைக்கே நம்ம நோட்டிஃபிகேஷன்ல போடப்போறேன். "கப்ளிங் கழட்டி ஓட்டினப்ப மூணு ஃபேஸும் சமம். நீங்க ஓட்டி ஒரு ஃபேஸ் ஏறினா ஆம்பியர் எழுதித் திருப்புங்க"ன்னு.

ஒரு டவுட்டு. எலெக்ட்ரிக்கல்ல எடுத்துக்கினு "ஸ்பேர் இல்ல"ன்னு தூங்க வச்சிட்டா? அது திருப்பினதா, திருப்பாததா?

---

மாதவரம்_க்யூ · ஜூன் 12, மாலை 6:00

அது திருப்பியது இல்லை, எண்ணூர் அண்ணா. ஏற்றுக்கொண்டார்கள், தாமதமாகிறது. அதற்குக் காரணம் எழுதி மாற்றுவது மருந்தாகாது. ஸ்பேர் வரும் தேதியை வாங்கி டிக்கெட்டில் போட வைப்பதுதான் வழி.

---

மணலி_மூணாம்ஷிப்ட் · ஜூன் 13, அதிகாலை 1:25

30க்கு பிங் அடிச்சேன், பதில் இல்ல, அந்த முகவரி சும்மாதான் இருக்கு. ஆப் பக்கம் மாத்துற வரியையும் சேர்த்து, மேடம் எழுதின மாதிரியே சர்வர் டீமுக்குப் போட்டேன். எடுத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, ரிசர்வேஷன் பேர்ல பழைய மாடல் பேரு இருக்கே, அதையும் மாத்தட்டுமான்னு. "கேட்-2"ன்னு மட்டும் வைக்கச் சொன்னேன். மாத்தினதும் பிரிண்டரை அணைச்சுப் போட்டோம், 30 எடுத்துச்சு. ஆப்ல 30ஆ மாத்தினதும் பாஸ் வருது. சர்வர்ல மறுபடி ஓட்டினேன், `TcpTestSucceeded : True`.

இப்ப டிக்கெட் சர்வர் டீம் க்யூல நிக்குது. அவங்க வேலை முடிஞ்சதுன்னு எங்களுக்கு மாத்தப்போறாங்க. மூடுறது யாரு? அவங்களா, நாங்களா?

---

வண்ணை_நெட் · ஜூன் 13, காலை 7:45

என்னைக் கேட்டா, டிக்கெட்டை நீங்க கைவிட்டிருக்கவே கூடாது. உங்ககிட்டயே வச்சுக்கிட்டு, சர்வர் டீமுக்குக் கீழ ஒரு சின்ன டாஸ்க் போட்டிருக்கணும். அவங்க அவங்க டாஸ்க்கை மூடுவாங்க, நீங்க பாஸ் வருதான்னு பாத்து மேல மூடுவீங்க. பிரச்சினை யாருடையதுன்னு முழுசாத் தெரிஞ்சாத்தான் டிக்கெட்டையே மாத்தணும். ஜிராவுல வேற ப்ராஜெக்ட்டுக்கு `Move` பண்றப்ப இன்னும் யோசிக்கணும். டிக்கெட் எண்ணே மாறிடும். பழைய எண்ணு புதுசுக்குக் கொண்டுபோய் விடும்தான், ஆனா கேட்டுல ஒட்டி வச்சிருக்கிற சீட்டுல பழைய எண்ணுதானே இருக்கும். அதுக்கு லிங்க் போட்ட தனி டிக்கெட் மேல்.

---

மாதவரம்_க்யூ · ஜூன் 13, காலை 8:30

இதில் நான் வேறு பக்கம். சின்ன டாஸ்க் போட்டால் பெறும் டீமின் க்யூவில் அது பெரிய டிக்கெட்களுக்கு அடியில் போய்விடுகிறது. பல இடங்களில் எஸ்எல்ஏ கடிகாரம் மேல் டிக்கெட்டில் மட்டும்தான் ஓடும். டாஸ்க் இரண்டு நாள் தூங்கினாலும் யாருக்கும் சிவப்பு காட்டாது. மணலியின் கடிகாரம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். வேலை செய்ய வேண்டியவர் கையில் டிக்கெட் இருக்கட்டும் என்பேன், "முடித்ததும் சரிபார்க்க இன்ன டீமுக்கு அனுப்பவும்" என்ற வரியோடு.

மணலி, உங்கள் கேள்விக்கு: நீங்கள் மூடுங்கள். கேட் பாஸ் வருகிறதா என்று பார்க்கக்கூடியவர்கள் நீங்கள்தான். மூடும்போது காரணக் குறிப்பில் "பிரிண்டர் மாற்றம், ரிசர்வேஷன் பழைய மேக்கில்" என்று எழுதுங்கள். "நெட்வொர்க்" என்று வகை போட்டு மூடாதீர்கள். அது அவர்கள் கணக்கில் ஏறும், அடுத்த முறை உங்கள் டிக்கெட்டை அவர்கள் அதை நினைத்துக்கொண்டுதான் திறப்பார்கள்.

---

வண்ணை_நெட் · ஜூன் 13, காலை 8:50

வகை விஷயத்துல மேடமோட ஒத்துப்போறேன். டாஸ்க் விஷயத்துல இல்ல. டாஸ்க்குக்கும் தனி கடிகாரம் வைக்கலாம், நிறைய இடத்துல வச்சிருக்காங்க. வைக்கச் சொல்லிக் கேக்கணும்.

---

பெரம்பூர்_லோகோ · ஜூன் 13, காலை 9:20

டெஸ்க்டாப் டீமுக்கும் ஒரு டிக்கெட் போடு மணலி. பிரிண்டர் மாத்துற செக்லிஸ்ட்ல "பழைய மேக், புது மேக் ரெண்டையும் சர்வர் டீமுக்குச் சொல்லணும்"னு ஒரு வரி சேக்கச் சொல்லு. கேட்-1 பிரிண்டரும் அதே வயசுதானே, அதுவும் சீக்கிரம் மாத்துவாங்க.

---

மணலி_மூணாம்ஷிப்ட் · ஜூன் 13, காலை 9:35

போட்டுட்டேன். "ஏன் டெஸ்க்டாப் டீம்: பிரிண்டர் மாற்றும் செக்லிஸ்ட் உங்கள் ஆவணம்"னு தொடங்கினேன். இன்னும் எடுக்கல, திருப்பவும் இல்ல.